குழந்தை வரைந்த படத்தின் பின்னணியை நீக்கக் கொடுக்கும் முன் இதைப் படியுங்கள்

என் மகள் இரண்டாம் வகுப்பு. பள்ளிப் பொங்கல் விழா போஸ்டருக்கு அவள் வரைந்த மாட்டை எடுத்துக்கொண்டார்கள். வெள்ளை மாடு. பழுப்பு கிரேயானில் உடம்பைச் சுற்றிக் கோடு, கொம்புக்குச் சிவப்பும் பச்சையும், கழுத்தில் பென்சிலால் ஒரு கயிறு, மேலே வெளிர்மஞ்சள் சூரியன். போஸ்டர் ஏ3 அளவு, அடர் மெரூன் நிறம். படத்தை வெட்டி, பின்னணி இல்லாத பிஎன்ஜி கோப்பாகக் கொடுங்கள் என்றார் டீச்சர். எனக்கு நேரமில்லை. போன் படத்தை ஒரு டிசைன் கடைக்கு அனுப்பினேன். "கையாலேயே கட் பண்ணுவோம் மேடம்" என்று சொல்லி 600 ரூபாய் முன்பணமாக வாங்கிக்கொண்டார்கள்.

மறுநாள் வாட்ஸாப்பில் படம் வந்தது. பின்னால் சாம்பலும் வெள்ளையுமாகக் கட்டங்கள். பின்னணி இல்லாத இடத்தை மென்பொருள்கள் அப்படித்தான் காட்டும். சரி, பின்னணி போய்விட்டது என்று நம்பி டீச்சருக்கு அனுப்பினேன். போஸ்டரில் வைத்தால் கட்டங்களும் சேர்ந்தே வந்தன. அது ஜேபிஜி. அந்த வகைக் கோப்பில் ஒளிபுகும் பகுதி என்பதே இருக்க முடியாது. கட்டங்கள் படத்தோடு படமாகப் பதிந்திருந்தன. கேட்டதற்கு, "ஒரிஜினல் ஃபைலுக்குத் தனியா 300 ஆகும்" என்றார்கள். விழா நெருங்கிவிட்டதால் அதையும் கொடுத்தேன்.

இரண்டாவதாக வந்த கோப்பைப் போஸ்டரில் வைத்ததும் என் மகள் பார்த்துக் கேட்டது, "அம்மா, என் மாடு ஏன் சிவப்பா இருக்கு? கயிறு எங்க?"

மாட்டின் உடம்பு முழுக்க ஓட்டையாகி, போஸ்டரின் மெரூன் உள்ளே தெரிந்தது. அவள் வண்ணம் தீட்டாமல் விட்ட காகிதம்தான் அந்த மாட்டின் வெள்ளை. தானாக வெட்டும் கருவி காகித நிறத்தையெல்லாம் பின்னணி என்று எடுத்துக்கொள்கிறது. கிரேயான் கோடு காகிதத்தின் சொரசொரப்பில் விட்டுவிட்டுத்தான் பதியும். அந்தச் சின்ன இடைவெளிகள் வழியாகவும் நீக்கம் உள்ளே புகுந்துவிடும். டியூப்லைட் வெளிச்சத்தில் எடுத்ததால் காகிதமும் மங்கலாக விழுந்திருந்தது. அதனால் சூரியனின் மஞ்சளில் பாதியும் பென்சில் கயிறும் காகிதத்தோடு சேர்ந்து போய்விட்டன. கையால் வெட்டியவர் கயிற்றை விட்டிருக்க மாட்டார்.

அளவையும் பார்த்தேன். அகலம் 600 பிக்சல். போஸ்டரில் மாடு 10 அங்குலம் வர வேண்டும், அதாவது அங்குலத்துக்கு 60 பிக்சல்தான். கையில் பிடித்துப் பார்க்கும் போஸ்டருக்கு 150 ஆவது வேண்டும். நான் அனுப்பிய படம் 4000 பிக்சல் அகலம், டாகுமென்ட்டாகத்தான் அனுப்பியிருந்தேன். ஏதோ இலவசத் தளத்தில் போட்டு, அது தந்த சின்னப் படத்தை அப்படியே கொடுத்துவிட்டார்கள் என்றுதான் நினைக்கிறேன். போன் செய்தபோது கடைக்காரர் சொன்ன பதிலை இன்னும் மறக்க முடியவில்லை: "வெள்ளையா விட்டா போகத்தான் செய்யும் மேடம், பாப்பாவைக் கலர் அடிக்கச் சொல்லியிருக்கணும்." பணம் திரும்பி வரவில்லை.

அன்று நானே GIMP என்ற படத் திருத்த மென்பொருளில் செய்தேன், ஒன்றரை மணி நேரம். முதலில் சாயங்காலம் ஜன்னலோரம், வெயில் நேராக விழாத இடத்தில் மறுபடி போட்டோ எடுத்தேன். ஃபிளாஷ் கூடாது, கிரேயான் மெழுகு பளபளக்கும். அப்புறம் Levels-இல் வெள்ளைக்கான துளிகுழாயால் வெற்றுக் காகிதத்தைத் தொட்டதும் மங்கல் போய்க் காகிதம் வெள்ளையானது. Free Select கருவியால் மாட்டைச் சுற்றிக் கையாலேயே கோடு போட்டேன். கிரேயான் விளிம்பை ஒட்டி வெட்டவில்லை. ஒட்டி வெட்டினால் பிசிறான கோடுகள் அறுந்து, குழந்தையின் கை தெரியாமல் போகிறது. சுற்றிலும் ஒரு நூல் அகலம் காகிதத்தை விட்டு, ஸ்டிக்கர் மாதிரி வெட்டினேன். கயிறும் உள்ளே அடங்கியது. சூரியனுக்கும் அப்படியே. வெள்ளையை மட்டும் கரைக்கும் Color to Alpha-வையும் முயன்றேன். மெரூன் மேல் மஞ்சள் அழுக்கேறித் தெரிந்தது, விட்டுவிட்டேன். அடர் நிறப் போஸ்டருக்கு அது உதவாது. கடைசியில் Add Layer Mask, அதில் Selection. பிறகு Export As போய் .png கோப்பாகச் சேமித்தேன்.

யாரிடமாவது கொடுப்பதானால், முழுப் பணம் கட்டும் முன் கோப்பை டாகுமென்ட்டாக அனுப்பச் சொல்லி, அடர் சிவப்புப் பின்னணி மேல் வைத்துப் பாருங்கள். ஓட்டை, வெள்ளை விளிம்பு, காணாமல் போன கோடு எல்லாம் உடனே கண்ணில் படும். வெள்ளைத் திரையில் பார்த்தால் எதுவும் தெரியாது, எனக்கும் தெரியவில்லை. பக்கத்தில் குழந்தை வரைந்த தாளை வைத்துக்கொண்டு, கயிறு, மீசை, மூலையில் எழுதிய பெயர் என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள்.