யூரோவில் விலை சொல்லும் சுற்றுலா ஒப்பந்தம்: எங்களுக்கு நேர்ந்தது

2025 ஜூன் இறுதியில் நானும் என் மனைவியும் ஐரோப்பாவுக்குக் குழுச் சுற்றுலா சென்று வந்தோம். மும்பை மாட்டுங்காவில் நம்மவர்கள் பலர் நம்பிப் போகும் ஒரு பயண நிறுவனத்தில் ஜனவரி இறுதியிலேயே பதிவு செய்திருந்தோம். பயணத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. பணம் வாங்கிய முறையைப் பற்றித்தான் மற்றவர்கள் முன்கூட்டியே தெரிந்துகொள்ள வேண்டும் என்று இதை எழுதுகிறேன்.

தலைக்கு 1,10,000 ரூபாயும் 2,150 யூரோவும் என்று விலை சொன்னார்கள். ரூபாய்ப் பங்கு விமானச் சீட்டுக்கும் விசாவுக்கும். யூரோப் பங்கு அங்குள்ள ஹோட்டல், பேருந்து, உணவு ஆகியவற்றுக்கு. அப்போது யூரோ ஏறக்குறைய 90 ரூபாய். ஆகவே இருவருக்குமான 4,300 யூரோவுக்கு 3,87,000 ரூபாய் என்று கணக்கிட்டு, முழுவதையும் அன்றே கட்டிவிடவா என்று கேட்டேன். "இப்போதே எதற்கு சார்? புறப்படுவதற்கு ஒரு மாதம் முன்னால் கட்டினால் போதும்" என்றார் அங்கிருந்த ஊழியர். ஒரு லட்சம் முன்பணம் கட்டினோம். அதை ரூபாய்ப் பங்கில் மட்டும் வரவு வைத்தார்கள்.

மே இறுதியில் மீதித் தொகைக்கான கடிதம் வந்தபோது, யூரோவை 101 ரூபாயாகப் போட்டு 4,34,300 ரூபாய் கேட்டிருந்தார்கள். 47,300 ரூபாய் கூடுதல். அதன் மேல் 5 விழுக்காடு ஜிஎஸ்டியாக இன்னும் 2,365 ரூபாய்.

அந்தக் கடிதத்தை எங்கள் கட்டடத்தில் இருக்கும், வங்கியின் அந்நியச் செலாவணிப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற மாமாவிடம் காட்டினேன். அவர் முதலில் எஃப்.பி.ஐ.எல். அமைப்பு ஒவ்வொரு வேலை நாளும் சந்தை விலையை வைத்து வெளியிடும் குறிப்பு விகிதத்தை எடுத்துப் பார்த்தார். அன்று யூரோ சுமார் 97 ரூபாய்தான். அதாவது சந்தையில் யூரோ ஏறியதால் வந்த செலவு 30,100 ரூபாய். மீதி 17,200 ரூபாய், யூரோவுக்கு 4 ரூபாய் வீதம் நிறுவனம் தானாக ஏற்றிக்கொண்டது. வங்கியும் குறிப்பு விகிதத்துக்கு மேல் கொஞ்சம் வைத்துத்தான் விற்கும் என்பதை அவரே ஒப்புக்கொண்டார். ஆனாலும் 4 ரூபாய் மிக அதிகம் என்றார். ஒப்பந்தத்தில் இருந்ததோ "பணம் செலுத்தும் நாளில் நிறுவனம் நிர்ணயிக்கும் விகிதம்" என்ற ஒரே வரி. எதை வைத்து நிர்ணயிப்பார்கள் என்று ஒரு சொல்லும் இல்லை. ஏறினால் பயணி கொடுக்க வேண்டும் என்றிருந்ததே தவிர, இறங்கினால் திருப்பித் தருவது பற்றி எதுவும் இல்லை. நான் ஜனவரியில் அந்த வரியைப் படித்தும் அதன் பொருளை உணராமல் கையெழுத்திட்டிருக்கிறேன்.

அடுத்து அவர் சொன்னதுதான் எனக்கு அதிகம் வலித்தது. பயண நிறுவனங்கள் ஐரோப்பாவில் உள்ள முகவர் மூலம் ஹோட்டல் அறைகளை யூரோவில் முன்கூட்டியே பேசி வைக்கின்றன. ஆறு மாதம் கழித்துக் கொடுக்க வேண்டிய யூரோவுக்கு, இன்றைய விகிதத்தின் மேல் ஒரு சிறிய பிரீமியம் சேர்த்து, இன்றே வங்கியில் ஃபார்வர்ட் ஒப்பந்தம் போட்டு விகிதத்தை உறுதி செய்துகொள்ள அவர்களால் முடியும். அப்படிச் செய்திருந்தால் விகித ஏற்றத்தால் அவர்களுக்கு நட்டமே இல்லை. அந்தப் பிரீமியம் போக, எங்களிடம் வாங்கிய கூடுதல் தொகை அவர்களுக்கு லாபம். செய்யாமல் விட்டிருந்தால், தாங்கள் சமாளித்திருக்க வேண்டிய இடரை எங்கள் தலையில் இறக்கியிருக்கிறார்கள். இரண்டில் எது என்று எழுத்தில் கேட்டேன். பதில் வரவில்லை.

கட்டாமல் விலகவும் வழியில்லை. புறப்பட 30 நாளுக்குள் ரத்து செய்தால் மொத்தத் தொகையில் பாதி போய்விடும் என்பது ஒப்பந்தத்தின் மற்றொரு விதி. விகிதம் தெரிய வந்த கடிதமோ புறப்பட 29 நாள் இருக்கும்போதுதான் வந்தது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2015ஆம் ஆண்டுத் தொகுப்புச் சுற்றுலாச் சட்டத்தில், இப்படி விலை ஏற்றுபவர் கணக்கைக் காட்டிப் புறப்பட 20 நாளுக்கு முன்பே தெரிவிக்க வேண்டும்; 8 விழுக்காட்டுக்கு மேல் ஏறினால் பயணி கட்டணமின்றி விலகலாம்; ஏற்றும் உரிமை வைத்துக்கொண்டால் இறங்கும்போது குறைக்கவும் வேண்டும். மும்பையில் போட்ட எங்கள் ஒப்பந்தத்துக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது. இங்கே 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் நியாயமற்ற ஒப்பந்தம் பற்றிப் பேசுகிறது. அதைச் சுட்டி 1915 உதவி எண்ணில் புகார் பதிந்திருக்கிறேன். அடுத்த பயணத்துக்கு 5,000 ரூபாய்த் தள்ளுபடிக் கூப்பன் தருவதாக நிறுவனம் சொன்னது, மறுத்துவிட்டேன்.

இந்த ஆண்டு முலுந்தில் இருக்கும் என் மைத்துனர் வேறொரு நிறுவனத்தில் பதிவு செய்தபோது, முன்பணம் கொடுப்பதற்கு முன்பே இந்த வரியை ஒப்பந்தத்தில் எழுதி வாங்கினார்: "யூரோ விகிதம், பணம் செலுத்தும் நாளின் எஃப்.பி.ஐ.எல். குறிப்பு விகிதத்துடன் ஒன்றரை விழுக்காடு. ஏற்றத்துக்கும் இறக்கத்துக்கும் இது பொருந்தும். பயணி விரும்பும் எந்த நாளிலும் முழுத் தொகையையும் செலுத்தி விகிதத்தை உறுதி செய்துகொள்ளலாம்." மேலாளர் முதலில் தயங்கினார். அப்படியானால் வேறு இடம் பார்க்கிறேன் என்று இவர் எழுந்ததும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.