95 விழுக்காடு திரும்பி வருமா, 5 விழுக்காடு போகுமா?

பிரிக்பீல்ட்ஸில் தே தாரிக் குடிக்கும்போது நண்பன் கேட்டான், "ஸ்லாட் மெஷின்ல 95 விழுக்காடு திரும்ப வருதாமே, 100 வெள்ளிக்கு 5 வெள்ளிதானே நட்டம்?" இல்லை. அந்த 95, நீங்கள் கொண்டுபோன பணத்துக்கு அல்ல, சுழற்றிய மொத்தப் பந்தயத்துக்கு. ஜெயித்ததையும் மறுபடி போடுவோம் இல்லையா, அப்படி ஒரு வெள்ளி வீதம் 5,000 தடவை சுழற்றினால் பந்தயம் 5,000 வெள்ளி, சராசரி நட்டம் 250.

கணக்குப்படி ஆட்டக்காரருக்குத் திரும்பும் விகிதமும் சூதாட்ட விடுதியின் லாப விகிதமும் சேர்ந்தால் 100, அவ்வளவுதான். ஆனால் கண்ணுக்குத் தெரிவது வேறு. ஸ்லாட்டுக்கு 95, ரௌலட் சக்கரத்துக்கு 97.3 என்று பார்த்தால் பெரிய வித்தியாசம் இல்லை, 5, 2.7 என்று திருப்பிப் போட்டால் ஒன்று ஏறக்குறைய இரண்டு மடங்கு. அதனால் நான் எப்போதும் விடுதியின் பங்கைத்தான் பார்ப்பேன்.

அந்த 2.7, ஒரே பூஜ்யம் உள்ள ரௌலட்டுடையது. சக்கரத்தில் 37 கட்டங்கள், ஒரு எண்ணில் போட்டு ஜெயித்தால் போட்ட பணத்தோடு 35 மடங்குதான் தருவார்கள், கணக்கை நாமே போடலாம். ஸ்லாட்டில் உள்ளே இருக்கும் விகிதத்தை வெளியிலிருந்து பார்த்துச் சொல்ல முடியாது.

அப்புறம், ரௌலட்டில் சிவப்பில் ஒரு வெள்ளி வீதம் 100 முறை போட்டால் சராசரி நட்டம் 2.70, அதிர்ஷ்டத்தால் அந்தச் சராசரிக்கு மேலேயோ கீழேயோ போகும் ஏற்ற இறக்கமோ வழக்கமாக 10 வெள்ளி, ஆக லாபத்தோடு எழுந்துவருவது சகஜம். 5,000 முறையில் நட்டம் 135, ஏற்ற இறக்கம் 71தான். அப்போது லாபத்தில் இருப்பவர் நூற்றுக்கு இரண்டு மூன்று பேர்.