கெஸ்ட் வைஃபையில் எக்ஸ்பாக்ஸ்: கேம் ஓடும், பார்ட்டி ஓடாது

மாடியில் வாடகைக்கு இருக்கிறேன். கீழ்வீட்டு ஓனர் தன் ரவுட்டரில் இருக்கும் கெஸ்ட் வைஃபையைத்தான் எங்களுக்குக் கொடுத்திருக்கிறார். அதில் எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எஸ் வைத்து ஒரு வருடத்துக்கும் மேலாக விளையாடி வருகிறேன். வேகத்தில் குறையே கிடையாது. கேம் டவுன்லோடு, ஆன்லைன் மேட்ச் எல்லாம் நன்றாகவே போகும். ஆனால் போனில் இருக்கும் யூடியூபின் காஸ்ட் பட்டியலில் எக்ஸ்பாக்ஸின் பெயர் வராது. நண்பர்கள் பார்ட்டிக்கு, அதாவது எக்ஸ்பாக்ஸில் குழுவாகப் பேசிக்கொள்ளும் அரட்டைக்கு அழைத்தால் அழைப்பு வரும், சேரப் போனால் சுற்றிக்கொண்டே இருந்து அறுந்துவிடும்.

இரண்டுக்கும் காரணம் ஒன்று என்றுதான் முதலில் தோன்றும். உண்மையில் இவை தனித்தனித் தடைகள்.

முதலாவது, கருவிகளைப் பிரித்து வைப்பது. போன் ஒரு டிவியையோ கன்சோலையோ தேடும்போது, நெட்வொர்க்கில் உள்ள எல்லோருக்கும் சேர்த்து "யார் இருக்கீங்க?" என்று ஒரு குரல் கொடுக்கும். 239.255.255.250 என்ற பொது முகவரிக்குப் போகும் செய்தி அது. கெஸ்ட் வைஃபையில் ரவுட்டர் இதை மற்றவர்களுக்குக் கடத்தாது. வந்தவர் போனில் வைரஸ் இருந்தாலும் வீட்டுக் கேமராவையோ லேப்டாப்பையோ தொடக்கூடாது என்பதற்கான ஏற்பாடு இது. பல ரவுட்டர்களில் கெஸ்டுக்குள் இருக்கும் இருவர்கூட ஒருவரையொருவர் பார்க்க முடியாது. அதனால்தான் போனும் எக்ஸ்பாக்ஸும் ஒரே கெஸ்டில் இருந்தும் பயனில்லை. சோதிக்க எளிய வழி: எக்ஸ்பாக்ஸின் யூடியூப் காட்டும் டிவி கோடு எண்ணைப் போனில் போட்டு இணைத்துப் பாருங்கள். அது இணையம் வழியாகச் சுற்றிப் போவதால் வேலை செய்யும். கோடு போட்டால் இணைகிறது, காஸ்ட் பட்டியலில் மட்டும் பெயர் இல்லை என்றால் சந்தேகம் இந்தப் பிரிவினை மேல்தான்.

இரண்டாவதுதான் பார்ட்டியைக் கெடுப்பது. அழைப்பு என்பது வெறும் அறிவிப்பு. கன்சோல் ஏற்கெனவே சர்வருடன் திறந்து வைத்திருக்கும் இணைப்பில் அது வந்துவிடும். சேரும்போதோ நண்பர்களின் கன்சோல்களிலிருந்து நேராக வரும் பாக்கெட்டுகளுக்கு ரவுட்டர் வழிவிட வேண்டும். அதற்காக எக்ஸ்பாக்ஸ், யூபிஎன்பி என்ற வசதி மூலம் "3074 போர்ட்டை எனக்குத் திறந்து விடு" என்று ரவுட்டரிடம் கேட்கும். கெஸ்டில் இருப்பவர் இப்படி ரவுட்டருக்கு உத்தரவு போட முடியாதபடி பெரும்பாலும் பூட்டியிருப்பார்கள். வெளியிலிருந்து வரும் இணைப்புகளுக்கு ரவுட்டர் எவ்வளவு வழிவிடுகிறது என்று பார்க்க, நெட்வொர்க் அமைப்புகளில் `Test NAT type` ஓட்டினேன், `Strict` என்று வந்தது.

`Strict` என்றால் யாரோடும் சேரவே முடியாது என்று அர்த்தமில்லை. `Open` உள்ளவர் எல்லோருடனும் சேரலாம். `Moderate` உள்ளவருக்கு `Strict` ஆட்களுடன் ஒத்துவராது. `Strict` உள்ளவருக்கு `Open` ஆட்கள் மட்டும்தான். எங்கள் கூட்டத்தில் ஒருவனோடு மட்டும் பேச்சு எப்போதும் சரியாக இருந்ததற்கு இதுதான் காரணம், அவன் வீட்டில் `Open`. மற்றவர்கள் "உன் நெட்டுதான்டா ஸ்லோ" என்று சொல்வதில் ஒரு நியாயமும் இல்லை. மொபைல் ஹாட்ஸ்பாட்டில் போட்டு ஒப்பிட்டுப் பார்ப்பதும் வீண்தான், அங்கேயும் பெரும்பாலும் இதே கதி.

ஓனரிடம் பேசி, ரவுட்டர் அமைப்பில் `Allow guests to see each other` என்பதை டிக் செய்யச் சொன்னேன். காஸ்ட் வந்துவிட்டது. பார்ட்டி அப்படியே கிடந்தது. முதன்மை வைஃபை பாஸ்வேர்டைக் கொடுத்தால் எல்லாம் தீரும், ஆனால் அவருக்கு அதில் விருப்பமில்லை, தவறும் இல்லை. கடைசியில் அவர் ரவுட்டரின் லேன் போர்ட்டிலிருந்து மாடிக்குக் கேபிள் இழுத்து, என் சொந்த ரவுட்டரைப் போட்டோம். என் கருவிகள் இப்போது ஒன்றையொன்று பார்க்கின்றன. எக்ஸ்பாக்ஸ் மட்டும் `Double NAT detected` என்றது, அதாவது இரண்டு ரவுட்டர்கள் ஒன்றன்பின் ஒன்றாக முகவரியை மாற்றுகின்றன. என் ரவுட்டரில் போர்ட் திறந்தாலும் அவர் ரவுட்டரில் மூடியிருக்கிறதே! அவர் பக்கம் யூடிபி 3074-ஐ என் ரவுட்டரின் முகவரிக்குத் திருப்பிவிட்ட பிறகு பார்ட்டி அறுந்துபோகாமல் ஓடுகிறது. எச்சரிக்கை இன்னும் வருகிறது, கண்டுகொள்வதில்லை.

ஓனர்களுக்கு ஒரு வார்த்தை: இந்த அமைப்பில் என்னை அவர் பார்க்க முடியாது, ஆனால் என் பக்கத்திலிருந்து அவர் கருவிகளை எட்ட முடியும். கெஸ்ட் தந்த பாதுகாப்பு இதில் இல்லை. எங்களுக்குள் நம்பிக்கை இருந்ததால் ஒப்புக்கொண்டார்.

கேபிள் வாங்கும் முன் ஓனர் ரவுட்டரின் வேன் முகவரியை, அதாவது இணைய நிறுவனம் அதற்குக் கொடுத்திருக்கும் முகவரியைப் பாருங்கள். அது 100.64 முதல் 100.127 வரையிலான எண்களில் தொடங்கினால், இணைய நிறுவனமே பலரை ஒரே பொது முகவரிக்குப் பின்னால் வைத்திருக்கிறது. அங்கே வீட்டில் எந்தப் போர்ட்டைத் திருப்பினாலும் பலன் வராது. நிறுவனத்திடம் பொது ஐபி முகவரி கேட்டு வாங்க வேண்டும்.