ஒற்றைப் பல் கறுத்திருந்தால் வெண்மையாக்கும் நிலையத்துக்குப் பணம் கட்டாதீர்கள்

கோபம் தணிவதற்குள் எழுதிவிடுகிறேன். ஒரு மாதச் சம்பளம் போய்விட்டது. முழுசாக ஒரு மாதச் சம்பளம்.

சின்ன வயதில் விழுந்து அடிபட்ட முன்பல் அது. உடையவில்லை, ஆடவில்லை, வலியும் நின்றுவிட்டது. வருடங்கள் கழித்து மெல்லச் சாம்பல் நிறமானது. பல்லை வெண்மையாக்கித் தரும் அழகு நிலையம் ஒன்றில் விசாரித்தேன். அங்கிருந்த பெண் கண்ணாடியை நீட்டி, நிற அட்டையைப் பல்லருகே வைத்துக் காட்டி, "சார், இதைவிடக் கறுத்த பல்லையெல்லாம் வெள்ளையாக்கியிருக்கிறோம், உங்களுடையது ஒன்றுமே இல்லை" என்றார். அவர் பேசிய பொறுமையில்தான் பணத்தைக் கட்டினேன். எப்படி அடிபட்டது என்று ஒரு கேள்வி இல்லை. எக்ஸ்ரே என்ற பேச்சே இல்லை.

எல்லாப் பற்களிலும் ஜெல் தடவி நீல விளக்கு காட்டினார்கள். மற்ற பற்கள் வெளுத்தன. கறுத்த பல் ஏறக்குறைய அப்படியே நின்றது. பக்கத்துப் பற்கள் வெளுத்ததால் அது முன்பைவிடக் கறுப்பாகத் தெரிந்தது!

போன் செய்தால் "ரெண்டு நாளில் செட் ஆகிவிடும்". அப்புறம் "காபி குடித்தீர்களா சார்?" அதற்கப்புறம் "இன்னொரு அமர்வுக்குப் பாதிக் கட்டணம் போதும்". நேரில் போனால், பலன் ஆளுக்கு ஆள் மாறும் என்று பொடி எழுத்தில் அச்சடித்த தாளில் என் கையெழுத்தைக் காட்டினார்கள். ஒரு மாதச் சம்பளத்துக்கு அந்தத் தாள்தான் பதில்.

பிறகு பல் டாக்டரிடம் போனேன். அவர் முதலில் குளிர்ச்சி வைத்துப் பார்த்தார். அந்தப் பல்லுக்கு உணர்ச்சியே இல்லை. எக்ஸ்ரேயில் வேர் நுனியில் கறுப்பாக ஒரு நிழல். பல் உள்ளே எப்போதோ செத்திருக்கிறது. அடிபட்டபோது பல்லுக்குள் இருக்கும் கூழின் மெல்லிய ரத்தக் குழாய்கள் கிழிந்து ரத்தம் கசிகிறது. எனாமலுக்கு அடியில் இருக்கும் டென்டின் முழுக்க நுண்ணிய குழல்கள். ரத்தம் அவற்றுக்குள் இறங்கிச் சிதையும்போது, அதிலிருந்து வரும் இரும்புச் சேர்மங்களும் அழுகிய கூழின் மிச்சமும் சேர்ந்து பல்லைச் சாம்பலாக்குகின்றன. கறை உள்ளே இருக்கிறது. ஜெல்லைத் தடவியது வெளியே. வீட்டுக்குள் ஒழுகும் கூரைக்கு வெளிச்சுவரில் வெள்ளையடித்த மாதிரி.

(அடிபட்ட பல் சாம்பலாகாமல் மஞ்சளாவதும் உண்டு. உள்குழாய் சுண்ணாம்பு படிந்து அடைபடுவதால் வருவது அது. பெரும்பாலும் பல் உயிரோடுதான் இருக்கும். அதற்கு வைத்தியம் வேறு.)

இப்போது எனக்கு நடப்பது உள்ளிருந்து வெளுப்பது. முதலில் ரூட் கெனால் செய்து வேர்க்குழாயைச் சுத்தம் செய்து அடைத்தார். அப்புறம் பல்லின் பின்பக்க ஓட்டை வழியாக, அடைப்பை ஈறு மட்டத்துக்குச் சற்றுக் கீழே வரை எடுத்துவிட்டு, அதன் மேல் சுமார் 2 மி.மீ. சிமெண்ட் தடுப்பு போட்டார். இந்தத் தடுப்புதான் முக்கியம் என்றார். வெளுக்கும் மருந்து பல்லின் கழுத்துப் பக்கம் கசிந்தால், பின்னாளில் வேர் வெளியிலிருந்து அரிக்கப்பட்டுப் பல்லே போகலாம். அடிபட்ட பல்லுக்கு அந்த ஆபத்து கூடுதல். செறிவான பெராக்சைடைச் சூடாக்கிச் செய்கிற பழைய முறையை அதனால்தான் தவிர்க்கிறார்கள்.

அவர் வைத்தது சோடியம் பெர்போரேட் பொடி. தண்ணீரில் ஈர மணல் பதத்துக்குக் குழைத்து, பல்லுக்குள் அடைத்து, தற்காலிகமாக மூடி அனுப்பினார். அது மெல்ல ஹைட்ரஜன் பெராக்சைடை வெளியிட, அது நிறமிகளை உடைக்கிறது. வாரம் ஒரு முறை போல மாற்றுகிறார். சில தடவை மாற்றினால் போதுமாம். நிறம் சரியானதும் உடனே நிரந்தரமாக அடைக்க மாட்டாராம். உள்ளே தங்கும் ஆக்சிஜன் பசை பிடிப்பதைக் கெடுக்கும் என்பதால் ஓரிரு வாரம் விட்டுத்தான் அடைப்பாராம். சில வருடங்களில் கொஞ்சம் கறுப்பு திரும்பலாம் என்பதையும் பொடி வைக்கும் முன்பே சொல்லிவிட்டார். இந்த ஒரு வாக்கியத்தைச் சொல்ல அந்த நிலையத்துக்கு வாய் வரவில்லை.

விரிவாக எச்சரிக்கை எழுதத்தான் நினைத்தேன், ஆத்திரத்தில் இவ்வளவுதான் வருகிறது: ஒற்றைப் பல் கறுத்திருந்தால் எக்ஸ்ரே எடுக்காத இடத்தில் உட்காராதீர்கள். வலி இல்லை என்பதால் பல் நன்றாக இருக்கிறது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். உள்ளே மருந்து வைப்பவரிடம் தடுப்பு போட்டீர்களா என்று கேளுங்கள். தற்காலிக அடைப்பு உடைந்தால் அன்றே போங்கள். கையெழுத்துக் கேட்டால் பொடி எழுத்தை முதலில் படியுங்கள்.

என் ஒரு மாதச் சம்பளத்தைத் திருப்பிக் கேட்டு நேற்றும் அந்த நிலையத்துக்குப் போன் செய்தேன். மேனேஜர் மீட்டிங்கில் இருக்கிறாராம்.