பொடி எழுத்தா, விரிந்த எழுத்தா: பத்து வருஷம் கழித்தும் படிக்க முடிகிற டாட்டூ

'கண்ணம்மா' என்று மணிக்கட்டில் குத்த நினைக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒன்று, மெல்லிய கோட்டில் 6 மில்லிமீட்டர் உயரத்தில் பொடி எழுத்து. இன்னொன்று, அதே கோட்டில் 15 மில்லிமீட்டர் உயரத்தில் விரிந்த எழுத்து.

குத்திய அன்று பொடி எழுத்துதான் அழகு, அதில் சந்தேகமே இல்லை. ஆனால் மை தோலின் உள் அடுக்கில் இருக்கும் செல்களுக்குள் தங்குகிறது, அந்தச் செல்கள் அழிய அழிய புதியவை மையை எடுத்துக்கொள்ள, வருஷக்கணக்கில் கோடு இரண்டு பக்கமும் கொஞ்சம் பரவுகிறது. 'ண'வின் சுழிக்குள் 0.7 மில்லிமீட்டர் இடைவெளி இருந்து, சுற்றியுள்ள கோடு பக்கத்துக்கு 0.3 பரவினால் மிஞ்சுவது 0.1, அதாவது கண்ணுக்கு அது அடைந்த சுழி. புள்ளி இன்னும் மோசம், கீழே இருக்கும் எழுத்தோடு ஒட்டிக்கொண்டால் 'ண்' என்பது மேலே ஒரு கறை உள்ள 'ண' மாதிரி தெரியும்.

விரிந்த எழுத்தில் அதே சுழிக்குள் சுமார் 1.8 மில்லிமீட்டர் கிடைக்கும், அதே அளவு பரவினாலும் 1.2 மிஞ்சும். என் ஓட்டு இதற்குத்தான். இடம் போதவில்லை என்றால் எழுத்தைச் சுருக்காமல் முன்கைக்கு மாற்றுங்கள், விரல் பக்கம் மட்டும் போகாதீர்கள், அங்கே மை சீக்கிரம் கலைந்துவிடும்.

முடிவெடுக்கும் முன் ஸ்டென்சிலை அசல் அளவில் அச்செடுத்து, கோடு இரண்டு மடங்கு தடிமன் ஆகும்வரை பேனாவால் மேலே வரையுங்கள். அப்புறம் கை நீட்டும் தூரத்தில் வைத்துப் பார்க்கும்போது சுழி அடைந்திருந்தால், எழுத்தைப் பெரிதாக்கச் சொல்லுங்கள்.