9/6-ஆ, 8/5-ஆ? வீடியோ போக்கர் இயந்திரத்தின் பரிசுப் பட்டியலைப் படிக்கும் முறை

லாஸ் வேகாஸ் சூதாட்ட அரங்கு ஒன்றில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு வீடியோ போக்கர் இயந்திரங்கள் நிற்கின்றன என்று வைத்துக்கொள்வோம். திரையில் வரும் ஐந்து சீட்டுகளில் வேண்டாதவற்றை எறிந்து புதியவற்றை இழுத்து, கடைசியில் அமையும் ஐந்து சீட்டுகளுக்கு, அதாவது ‘கை’க்கு ஏற்பப் பரிசு பெறும் ஆட்டம் அது. இரண்டிலும் ஆட்டம் ‘ஜாக்ஸ் ஆர் பெட்டர்’தான், பந்தயத் தொகையும் ஒன்றே, திரையின் நிறமும் பொத்தான்களின் வரிசையும்கூட ஒன்றே. ஆனால் ஒன்றில் ஆடுபவர் நீண்ட கால அளவில் போட்ட பணத்தில் 99.54 சதவீதத்தைத் திரும்பப் பெறுவார், மற்றதில் 97.30 சதவீதம்தான் கிடைக்கும். இந்த வேறுபாட்டை இயந்திரம் மறைத்து வைப்பதில்லை. திரையின் மேற்பகுதியில் உள்ள பரிசுப் பட்டியலின் இரண்டே வரிகளில் அது வெளிப்படையாக எழுதப்பட்டிருக்கிறது.

சுழலும் ஸ்லாட் இயந்திரத்தில் இப்படிக் கண்டுபிடிக்க முடியாது. அங்கே எந்தச் சின்னம் எத்தனை முறைக்கு ஒரு முறை வரும் என்பது உள்ளிருக்கும் நிரலுக்கு மட்டுமே தெரியும். ஆகவே பரிசுத் தொகையைப் பார்த்து வருவாயைக் கணக்கிட வழியில்லை. வீடியோ போக்கரின் நிலை வேறு. திரையில் சீட்டுகளைக் காட்டும் ஆட்டத்தில் உண்மையான சீட்டுக்கட்டில் எந்த வாய்ப்பு உண்டோ அதே வாய்ப்புதான் இருக்க வேண்டும் என்பது நெவாடா மாநில விதி. 52 சீட்டுகளில் ஒவ்வொரு கையும் எத்தனை முறை அமையும் என்பது எல்லாருக்கும் பொதுவான கணக்கு. வாய்ப்பு மாறாதபோது, அரங்கு தன் இலாபத்தைக் கூட்டிக்கொள்ளப் பரிசுப் பட்டியலில்தான் கை வைத்தாக வேண்டும்.

ஓர் ஆட்டத்துக்கு வழக்கமாக இருந்துவரும் பட்டியல்களில் மிக நல்லதைத்தான் ‘ஃபுல் பே’ என்கிறார்கள். ஜாக்ஸ் ஆர் பெட்டரில் அது 9/6 பட்டியல். அதாவது, ஒரு காசு போட்டால் ஃபுல் ஹவுஸுக்கு 9 காசும் ஃபிளஷுக்கு 6 காசும் கிடைக்கும். ஒரே எண்ணில் மூன்று சீட்டும் ஒரு ஜோடியும் சேர்ந்தது ஃபுல் ஹவுஸ். ஐந்தும் ஒரே சின்னமாக வந்தால் ஃபிளஷ். ஐந்தும் அடுத்தடுத்த எண்களாக வந்தால் ஸ்ட்ரெயிட்; இரண்டும் ஒருங்கே அமைந்தால் ஸ்ட்ரெயிட் ஃபிளஷ். பட்டியலின் மற்ற வரிகளை அரங்குகள் பெரும்பாலும் தொடுவதில்லை: ஸ்ட்ரெயிட் ஃபிளஷுக்கு 50, ஒரே எண்ணில் நான்கு சீட்டுக்கு 25, ஸ்ட்ரெயிட்டுக்கு 4, ஒரே எண்ணில் மூன்றுக்கு 3, இரண்டு ஜோடிக்கு 2, ஜாக் அல்லது அதற்கு மேற்பட்ட ஒரு ஜோடிக்கு 1. குறைப்பு என்றால் அது முதலில் ஃபுல் ஹவுஸ், ஃபிளஷ் வரிகளில்தான் நடக்கும்.

சரியான ஆட்டத்தில் அந்தப் பட்டியல்கள் தரும் வருவாய் இது:

| ஃபுல் ஹவுஸ் / ஃபிளஷ் | வருவாய் (சதவீதம்) |
|---|---|
| 9/6 | 99.54 |
| 9/5 | 98.45 |
| 8/6 | 98.39 |
| 8/5 | 97.30 |
| 7/5 | 96.15 |
| 6/5 | 95.00 |

ஒரு படி குறையும்போதெல்லாம் ஏறத்தாழ ஒரு சதவீதம் போவதற்குக் காரணம் எளிது. ஃபுல் ஹவுஸ் சுமார் 87 கைகளுக்கு ஒரு முறையும், ஃபிளஷ் சுமார் 91 கைகளுக்கு ஒரு முறையும் வருகின்றன. ஒரே சின்னத்தில் பத்து முதல் ஏஸ் வரை ஐந்தும் அமையும் ராயல் ஃபிளஷைப் போல அபூர்வமானவை அல்ல. ஒரு மணி நேரத்துக்குள் பலமுறை கண்ணில் படுபவை. அதே சமயம், ஜோடியைப் போல அடிக்கடி வந்து, பரிசு குறைந்ததை உடனே உணர்த்திவிடும் கைகளும் அல்ல. ஐந்து காசு போட்டு ஃபுல் ஹவுஸில் வென்ற மகிழ்ச்சியில் இருப்பவர் 45 காசுக்குப் பதில் 40 காசு வந்ததைக் கவனிக்க மாட்டார் என்பதே இந்தக் குறைப்பின் பலம்.

இதைப் பணமாக்கிப் பார்க்கலாம். 25 சென்ட் இயந்திரத்தில் ஐந்து காசு போட்டால் ஒரு கைக்கு 1.25 டாலர். மணிக்கு 600 கை ஆடுபவர் 750 டாலரைப் பந்தயமாகச் சுழற்றுகிறார். 9/6 பட்டியலில் அவருடைய சராசரி இழப்பு மணிக்குச் சுமார் 3.45 டாலர்; 8/5 பட்டியலில் 20.25 டாலர். இடைப்பட்ட ஏறக்குறைய 17 டாலர் எங்கே போனது என்று கையால் எண்ணியே சரிபார்க்கலாம். 600 கைகளில் சுமார் 7 ஃபுல் ஹவுஸும் அதற்குச் சற்றே குறைவான ஃபிளஷும் வருகின்றன. ஒவ்வொன்றிலும் ஐந்து காசு, அதாவது 1.25 டாலர் குறைவாகக் கிடைக்கிறது. இரண்டையும் கூட்டினால் அதே 17 டாலர்தான் வரும். 6/5 பட்டியல் என்றால் இழப்பு மணிக்கு 37.50 டாலர். இவ்வளவு பெரிய வேறுபாட்டுக்கு இடையே, இருக்கையின் வசதியைப் பார்த்து இயந்திரத்தைத் தேர்ந்தெடுப்பது வீண் என்பது என் கருத்து.

பட்டியலைப் படிக்கும்போது கண் போக வேண்டிய இடம் இடப்பக்கத்து முதல் நெடுவரிசை. ஒன்று முதல் ஐந்து காசு வரை ஐந்து நெடுவரிசைகள் இருக்கும். 9, 6 என்ற எண்கள் முதலாவதில்தான் நேரடியாகத் தெரியும். கடைசி நெடுவரிசையைப் படித்தால் அவை 45, 30 என்று இருக்கும்; 8/5 இயந்திரத்தில் அவையே 40, 25. இந்தப் பெருக்கலுக்குக் கட்டுப்படாத ஒரே வரி ராயல் ஃபிளஷ். ஒரு காசுக்கு 250 என்று தொடங்கி நான்கு காசுக்கு 1,000 வரை ஒழுங்காக ஏறும் அது, ஐந்தாவது காசில் 1,250 ஆகாமல் 4,000-க்குத் தாவுகிறது. மேலே சொன்ன சதவீதங்கள் அனைத்தும் ஐந்து காசு போடுபவருக்கு உரியவை. 9/6 இயந்திரத்திலேயே ஒரே காசு போட்டு ஆடினால் வருவாய் சுமார் 98.4 சதவீதமாக இறங்கிவிடும். டாலர் இயந்திரத்தில் ஒரு காசு போட நினைப்பவர், அதே பட்டியலுள்ள 25 சென்ட் இயந்திரம் கிடைத்தால் அங்கே ஐந்து காசு போடுவதே மேல்.

இனி, பலர் வழுக்கி விழும் ஓர் ஒப்பீடு. 9/6 நல்லது, 8/5 மோசமானது என்று மட்டும் மனப்பாடம் செய்துகொண்டவர், ‘போனஸ் போக்கர்’ என்ற பெயரில் 8/5 எண்களைக் கண்டதும் விலகிப் போய்விடுவார். ஆனால் போனஸ் போக்கரின் ஃபுல் பே பட்டியலே 8/5-தான்; அதன் வருவாய் 99.17 சதவீதம். காரணம் பட்டியலில் சற்று மேலே இருக்கிறது. ஜாக்ஸ் ஆர் பெட்டரில் ஒரே எண்ணில் நான்கு சீட்டு என்றால் எதுவாக இருந்தாலும் 25. போனஸ் போக்கரில் நான்கு ஏஸுக்கு 80, நான்கு 2, 3 அல்லது 4-க்கு 40, மற்றவற்றுக்கு மட்டும் 25. நான்கு ஏஸ் சுமார் 5,000 கைகளுக்கு ஒரு முறைதான் வரும். ஆனாலும் கூடுதலாகக் கிடைக்கும் 55 காசு வருவாயை ஒரு சதவீதத்துக்கும் சற்று மேலாக உயர்த்துகிறது. 2, 3, 4 ஆகியவற்றின் கூடுதல் பரிசு இன்னும் 0.8 சதவீதம் தருகிறது. 97.30-உடன் இவ்விரண்டையும் கூட்டினால் கணக்கு நேராகிவிடும். ஆகவே முதலில் ஆட்டத்தின் பெயர், பிறகே இரண்டு எண்கள். ‘டபுள் போனஸ்’ ஆட்டத்தில் 10/7 இருந்தால்தான் ஃபுல் பே. 9/6 என்ற பழகிய எண்களை அங்கே கண்டு உட்கார்ந்தால் வருவாய் 97.81 சதவீதம்தான், அங்கே இரண்டு ஜோடிக்கு 2 காசு கிடையாது, 1 காசுதான்.

‘டியூசஸ் வைல்ட்’ ஆட்டத்தில் ஃபுல் ஹவுஸும் ஃபிளஷும் முதன்மை அடையாளங்கள் அல்ல. அங்கே நான்கு இரண்டுகளும் ஜோக்கராகச் செயல்படுவதால், ஒரே எண்ணில் நான்கு சீட்டு என்பது சுமார் 15 கைகளுக்கு ஒரு முறை அமையும் சாதாரணக் கையாகிவிடுகிறது. எனவே கண் முதலில் அந்த வரிக்குத்தான் போக வேண்டும். அதற்கு 5 காசும், ஃபுல் ஹவுஸுக்கு 3, ஃபிளஷுக்கு 2, ஸ்ட்ரெயிட் ஃபிளஷுக்கு 9, ஐந்து ஒரே எண்ணுக்கு 15, ஜோக்கர் சேர்ந்த ராயலுக்கு 25, நான்கு இரண்டுகளுக்கு 200 என்றும் இருந்தால் அது ஃபுல் பே. சரியாக ஆடினால் 100.76 சதவீதம், அதாவது கணக்குப்படி ஆடுபவருக்கே சாதகம். அந்த 5 மட்டும் 4 ஆகிவிட்டால் வருவாய் 94.34-க்கு விழுகிறது. ஒரே ஓர் எண்ணில் ஆறு சதவீதத்துக்கும் மேல் போகும் இடம் இது. ஆனால் 4 என்று கண்டதும் எழுந்துவிடவும் கூடாது. ஃபுல் ஹவுஸுக்கு 4, ஃபிளஷுக்கு 3, ஸ்ட்ரெயிட் ஃபிளஷுக்கு 10, ஐந்து ஒரே எண்ணுக்கு 16 என்று ஈடு செய்யப்பட்டிருந்தால் அந்தப் பட்டியல் 99.73 சதவீதம் தருகிறது. 9/6 ஜாக்ஸ் ஆர் பெட்டரைவிடச் சற்று மேல்.

இந்தச் சதவீதங்களுக்கு இரண்டு வரம்புகள் உண்டு. ஒன்று, அவை பிழையற்ற ஆட்டத்துக்கானவை. ஹார்ட்ஸ் சின்னத்தில் ஏஸ், கிங், குயின், ஜாக், 4 என ஐந்து சீட்டும் வந்தால் அது கையில் உள்ள ஃபிளஷ். 6 காசு உறுதி. ஆனாலும் 4-ஐ எறிந்துவிட்டு ஹார்ட்ஸ் பத்துக்காக இழுப்பதே சரி. மீதி 47 சீட்டுகளில் அந்த ஒன்று வந்தால், ஐந்து காசுக்குக் கிடைக்கும் 4,000-ஐ ஒரு காசுக்குப் பிரித்தால், 800 காசு. அதன் சராசரி மதிப்பு மட்டுமே 17 காசுக்கு மேல். உறுதியான ஆறைக் கைவிட மனம் வராதவருக்கு 9/6 இயந்திரம் 99.54 தராது. மற்றது, அந்த வருவாயில் ஏறத்தாழ 2 சதவீதம் ராயல் ஃபிளஷிலிருந்து மட்டுமே வருகிறது. அது சுமார் 40,000 கைகளுக்கு ஒரு முறை அமைவது. மணிக்கு 600 கை என்றால் சராசரியாக 67 மணி நேர ஆட்டம். அது வராத நாள்களில் ஃபுல் பே இயந்திரமும் 97.6 சதவீத அளவில்தான் தரும். அதை இயந்திரத்தின் குறையாகக் கருத வேண்டியதில்லை.

அமெரிக்கப் பழங்குடியினரின் அரங்குகள் சிலவற்றில் உள்ள ‘கிளாஸ் 2’ இயந்திரங்களில் முடிவைத் தீர்மானிப்பது உள்ளே நடக்கும் பிங்கோ. சீட்டுகள் வெறும் காட்சிதான். அங்கே 9/6 என்று எழுதியிருந்தாலும் இந்தக் கணக்கு எதுவும் செல்லாது. திரையின் ஓரத்தில் சிறிய பிங்கோ அட்டை தெரிகிறதா என்று பார்த்தால் அடையாளம் கண்டுவிடலாம். மற்ற அரங்குகளில் கவனிக்க வேண்டியது பல ஆட்டங்கள் அடங்கிய இயந்திரங்களை. ஒரே திரையில் 25 சென்டைத் தேர்ந்தெடுத்தால் 8/5 பட்டியலும், ஒரு டாலரைத் தேர்ந்தெடுத்தால் 9/6 பட்டியலும் வருவது அங்கே வழக்கம். காசின் மதிப்பை மாற்றும் ஒவ்வொரு முறையும், முதல் கையை ஆடும் முன்பே, அந்த இரண்டு வரிகளை மறுபடி படித்தாக வேண்டும்.