அறிமுகமில்லாதவரின் லிங்க்ட்இன் அழைப்பு: உடனே ஏற்பதா, கேட்டுவிட்டு ஏற்பதா?

நேரம்: உடனே ஏற்க ஒரு நொடி போதும், ஆனால் விற்பனைச் செய்திகள் பிறகுதான் வரும். ஏன் இணைய விரும்புகிறார் என்று கேட்டுவிட்டு ஏற்பதற்கு இரண்டு நிமிடம் ஆகும். தொல்லை வாசலிலேயே நின்றுவிடும்.

வாய்ப்பு: உடனே ஏற்றால் எதுவும் நழுவாது. கேட்டால், பதில் எழுதச் சோம்பும் நல்லவர் ஒருவரை இழக்கலாம். இந்த இழப்பு உண்மையானது.

தனியுரிமை: இணைந்தவருக்கு, அமைப்பை மாற்றாவிட்டால், உங்கள் மின்னஞ்சல் முகவரி தெரியக்கூடும். கேள்வி கேட்கும்போது அது வெளியே போகாது. குறிப்புடன் வந்த அழைப்புக்கு, ஏற்காமலேயே பதில் எழுதலாம்.

சென்ற மாதம் எனக்கு இரண்டு அழைப்புகள் வந்தன. இரண்டிலும் “உங்கள் அனுபவம் கவர்ந்தது” என்ற ஒரே வரிதான். “எந்தப் பணியைப் பார்த்தீர்கள்?” என்று இருவரிடமும் கேட்டேன். ஒருவர் நான் எழுதிய பதிவைக் குறிப்பிட்டு, அதிலிருந்த கணக்குப் பிழையையும் சுட்டினார்; மகிழ்ந்து ஏற்றேன். மற்றவர் பயிற்சி வகுப்பின் கட்டண விவரத்தை அனுப்பினார். மறுத்தேன், மறுத்த செய்தி அவருக்குப் போகாது.

வேலை தேடுகிறீர்களா, அழைத்தவர் உங்கள் துறையினரா, பொதுவான நண்பர் இருக்கிறாரா? உடனே ஏற்றுக்கொள்ளுங்கள். வேலையில் நிலைத்தவர்கள் கேட்டுவிட்டே ஏற்கலாம். அழைத்தவரின் சுயவிவரப் பக்கம் காலியாக இருந்தால் கேள்விகூடத் தேவையில்லை, மறுத்துவிடுங்கள்.